கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்கும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாமல் தவித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்

ஒரே ஒரு விற்பனை. அதை இன்னும் மறக்க முடியவில்லை, அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

கையில் இருந்த பிட்காயினில் கொஞ்சத்தை 2 லட்சம் ரூபாய்க்கு விற்றேன். வங்கிக்கு வந்தது 1,97,494.10. சரி, ஏதோ கட்டணம் என்று விட்டுவிட்டேன். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் எக்ஸ்சேஞ்சின் சிஎஸ்வியைத் திறந்தேன். அதில் அந்த ஒரு ஆர்டர் மூன்று வரியாக இருந்தது, மூன்று வெவ்வேறு ஆட்களிடம் விற்றிருக்கிறது. கூட்டினால் சரியாக 2,00,000. கட்டணம் 400, அதற்கு ஜிஎஸ்டி 72, டிடிஎஸ் 1,995.28. மீதி 1,97,532.72 ரூபாய்ப் பையில் விழுந்திருக்கிறது. அதில் 1,97,500 வித்டிரா போட்டேன், வித்டிரா கட்டணம் ஜிஎஸ்டியோடு 5.90 பிடித்தம். 32.72 இன்னும் அங்கேயே கிடக்கிறது. பைசா சுத்தமாக ஒத்துப்போனதும் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதியில் தேதியைப் பார்க்கவில்லை. கோப்பில் `2024-03-31 19:42:08` என்று இருந்தது, அதனால் 2023-24 வருமானமாகவே காட்டி, டிடிஎஸ்ஸையும் கேட்டுவிட்டேன். அப்புறம் வரித்துறையிலிருந்து கடிதம், அந்த ஆண்டில் அப்படி ஒரு டிடிஎஸ்ஸே இல்லை என்று. நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் தேடினால் அதே 1,995.28 அடுத்த ஆண்டில், 01-Apr-2024 என்ற தேதியில் இருக்கிறது. அந்தத் தேதியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கோப்பின் தலைப்பில் சின்னதாக `UTC` என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. நம் நேரத்துக்கு அது ஏப்ரல் 1, அதிகாலை 1:12.

டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுச் சமாளித்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மதுரை மல்லி

தம்பி, இதில் குழப்பமே வேண்டாம். பணம் வங்கிக்கு எந்தத் தேதியில் வந்ததோ அதுதான் கணக்கு. நான் அப்படித்தான் செய்கிறேன். பாஸ்புக்கில் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கழித்தால் லாபம். எனக்கு இதுவரை எந்தக் கடிதமும் வரவில்லை.

ஒரு தடவை மட்டும் குழம்பினேன், அதையும் சொல்கிறேன். 75,000 வித்டிரா போட்டது மூன்று முறை பதிவாகியிருந்தது, வங்கியில் ஒன்றுதான். எங்கள் வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறிவிட்டது, நான் பழையதையே வைத்திருந்தேன். இரண்டு முறை திரும்பிப் போய் மூன்றாவது முறைதான் வந்தது. திரும்பிப் போனதை எக்ஸ்சேஞ்ச் மறுபடி டெபாசிட் என்று எழுதி வைத்திருக்கிறது! நான் போடாத ஒன்றரை லட்சத்தை நான் போட்டதாகக் காட்டியது, அன்றைக்கு இரவு தூக்கமே இல்லை.

இருபது வருடக் கணக்கர்

மல்லி அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், பாஸ்புக்கை வைத்துக் கழிக்கும் வழி ஆபத்து. வங்கிக்கு வந்த தேதிக்கு இங்கே வேலையே இல்லை. காயின் எப்போது கைமாறியதோ அந்த ஆண்டின் வருமானம் அது, பணத்தை ஆறு மாதம் எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருந்தாலும் சரி. அதோடு, கழித்துப் பார்க்கும்போது ஒரு காயினில் வந்த நட்டம் இன்னொன்றின் லாபத்தைத் தின்றுவிடும். 2022 ஏப்ரலில் வந்த 115பிபிஎச் பிரிவு அதை அனுமதிக்கவில்லை. லாபம் வந்த ஒவ்வொன்றுக்கும் 30 சதவீதம், நட்டம் நம்மோடு போச்சு. உங்களுக்குக் கடிதம் வரவில்லை என்பதால் கணக்கு சரி என்று ஆகாது.

ஈரோட்டுத் தம்பிக்கும் ஒன்று. விற்பனைத் தொகை என்று ரிட்டர்னில் எதைப் போட்டீர்கள்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வங்கிக்கு வந்த 1,97,494-ஐப் போடுகிறார்கள். போட வேண்டியது 2,00,000. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, விற்கும்போது பிடித்த 400-ம் 72-ம் நம் கைக்காசு. டிடிஎஸ் செலவே இல்லை, அது முன்கூட்டிக் கட்டிய வரி, தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக அந்த 2,505.90 வித்தியாசத்தில் ஒரு ரூபாய்கூட விற்பனைத் தொகையைக் குறைக்காது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், எத்தனையோ பேர் இதில் அடிபடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் வரலாற்றை எடுக்காதீர்கள், டிரேடு வரலாற்றை எடுங்கள். ஆர்டரில் பாதி நிறைவேறி ரத்தானதும் முழுத் தொகையோடு நிற்கும். முதலில் நேரத்தை மாற்றுங்கள்:

```
=A2+TIME(5,30,0)
```

இதற்கு பிழை வந்தால் அந்தக் கட்டம் தேதியாக இல்லை, எழுத்தாகக் கிடக்கிறது என்று அர்த்தம், நடுவில் `T` என்றும் கடைசியில் `Z` என்றும் இருந்தால் `T` இருக்கும் இடத்தில் ஒரு இடைவெளி விட்டு, `Z`-ஐ எடுத்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் வங்கியோடு ஒப்பிடும்போது டிரேடுகளைத் தொடவே வேண்டாம். வங்கிக்குத் தெரிந்தது ரூபாய் டெபாசிட்டும் ரூபாய் வித்டிராவும் மட்டும்தான். அவற்றைத் தொகையை வைத்துத் தேடாமல் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக உள்ள யுடிஆர் எண்ணை வைத்துத் தேடுங்கள், ஏனென்றால் ஸ்டேட்மென்டில் எக்ஸ்சேஞ்ச் பெயர் பெரும்பாலும் இருக்காது, நடுவில் பணத்தைக் கைமாற்றும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். மல்லி அக்கா சொன்ன மாதிரி திரும்பி வந்த டெபாசிட்டுக்கு வங்கியில் யுடிஆர் இருக்காது, அல்லது பழைய வித்டிராவின் எண்ணே இருக்கும். அதிலேயே பிடித்துவிடலாம். கடைசியில் ஆரம்ப இருப்பு, உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் போட்டால் இன்றைய இருப்பு வர வேண்டும். தம்பியின் அந்த 32.72 வந்தால்தான் கணக்கு முடிந்தது.

இரவுப் பணி

கணக்கர் ஐயா சொல்வது ரூபாய்க்குச் சரி, காயின் பக்கம் என்ன செய்வது? 0.1 ஈத்தர் வாங்கினேன், பையில் 0.0998 தான் இருந்தது. கட்டணத்தை ஈத்தரிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து 0.1 விற்கப் போனால் இருப்பு போதாது என்றது. அந்த 0.0002-ஐத் தேடி ஒரு ஞாயிறு முழுவதும் போனது, எங்கேயோ திருட்டு நடந்துவிட்டது என்றே நினைத்தேன். இப்போது கொடுத்த முழு ரூபாயையும் 0.0998-ஆல் வகுத்து வாங்கிய விலை என்று வைத்திருக்கிறேன். சரியா?

இருபது வருடக் கணக்கர்

நானும் அப்படித்தான் போடுகிறேன், கொடுத்தது அவ்வளவு, கிடைத்தது அவ்வளவு. ஆனால் வாங்கும்போது கொடுத்த கட்டணம் வாங்கிய விலையில் சேருமா சேராதா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கட்டணத்தை ரூபாயில் தனியாகப் பிடித்திருந்தால் நான் சேர்ப்பதில்லை. என் நண்பர் ஒருவர் சேர்க்கிறார்.

மதுரை மல்லி

அப்படியென்றால் நான் மூன்று வருடத்தையும் மறுபடி போட வேண்டுமா? 2022-லிருந்து கோப்பு எடுக்க முடியவில்லை, அந்த எக்ஸ்சேஞ்சில் கடைசி ஒரு வருடம்தான் இறக்க வருகிறது.

ஈரோட்டுக்காரன்

அக்கா, தேதி வரம்பை மூன்று மூன்று மாதமாகக் கொடுத்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் வந்தது. வராவிட்டால் ஒவ்வொரு டிரேடுக்கும் அன்றைக்கே மின்னஞ்சல் வந்திருக்கும், பெட்டியில் தேடுங்கள்.

ஐயா, நான் விற்பனைத் தொகையாக 1,97,532.72 போட்டிருக்கிறேன். திருத்திய ரிட்டர்னில் இந்த விற்பனையை எடுத்துவிட்டேன், நல்ல வேளை. ஆனால் அதற்கு முந்தைய நான்கு விற்பனைகளையும் அப்படியேதான் போட்டேன். இன்று இரவு அந்த நான்கையும் திறக்கிறேன்.

புதியவன்

என் கேள்வி வேறு. எக்ஸ்சேஞ்சில் ஒருவருக்கொருவர் நேரடியாக விற்கும் பி2பி முறையில் யுஎஸ்டிடி காயின் விற்றேன், பணம் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து வந்தது. இரண்டு வாரம் கழித்து எங்கிருந்தோ வந்த சைபர் புகாரில் வங்கி அந்த 18,000-ஐ நிறுத்தி வைத்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் வரலாற்றில் ஆர்டர் இருக்கிறது, அனுப்பியவர் பெயரும் ஆர்டரில் உள்ள பெயரும் வேறு வேறு. இதை யாரிடம் எப்படிக் காட்டுவது?