கலைச்சொல் விவாதம்: ‘டிரான்ஸ்ஃபரபிள் ஸ்கில்’ தமிழில் என்ன?

மாலதி, காத்ர் போர்ன், மொரீசியஸ்:

அனைவருக்கும் வணக்கம். நடுவயதில் துறை மாறும் பொறியாளர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். லிங்க்ட்இன் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதும் சுருக்கத்துக்கு ‘முகப்புரை’ என்று வைத்துவிட்டேன். அதில் எனக்குச் சிக்கல் இல்லை. பழைய துறையிலிருந்து புதிய துறைக்கு எடுத்துப் போகும் திறனுக்குத்தான் சொல் அமையவில்லை. ‘மாற்றத்தக்க திறன்’ என்று எழுதினால் திறனையே மாற்றச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டோடு கேட்கிறேன். எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் இங்கே சர்க்கரை ஆலை ஒன்றின் மின்நிலையத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறார். கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து டர்பைன் ஓட்டும் வேலை. தீவில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதைக் கண்ணால் பார்த்தவர். இப்போது டேட்டா சென்டர் பராமரிப்புக்குப் போக நினைக்கிறார். அவர் எழுதிய முகப்புரை, தமிழில்:

“14 ஆண்டு அனுபவமும் கடின உழைப்பும் குழு உணர்வும் கொண்ட மெக்கானிக்கல் பொறியாளர். சக்கைக் கொதிகலன், டர்பைன் இயக்கத்தில் தேர்ச்சி பெற்றவன். புதிய துறையில் சவாலான வாய்ப்பைத் தேடுகிறேன்.”

இதில் எது கூட வருகிற திறன்? அதற்கு என்ன பெயர்?

குமரேசன், டர்பன்:

அக்கா, ‘கைமாற்றுத் திறன்’ என்று வைக்கலாமே? ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதுதானே. தம்பியின் முகப்புரையில் குறை ஒன்றுதான். ஆள் தேடுபவர்கள் சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள். ‘டேட்டா சென்டர்’, ‘யுபிஎஸ்’, ‘ஜெனரேட்டர்’ எதுவுமே அதில் இல்லை. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. அதில் ‘டேட்டா சென்டர் பொறியாளர்’ என்று போடச் சொல்லுங்கள், தேடலில் மேலே வருவார்.

ரேவதி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

பயோடேட்டா என்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் அனுபவம். படம் வேண்டாம், பிறந்த தேதியும் வேண்டாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. நான் துணி ஆலையிலிருந்து மாற முயன்றபோது, வேலை தேடுகிறேன் என்று காட்டும் அமைப்பை ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தேன். இரண்டே வாரத்தில் என் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். நம் நிறுவனத்தின் ஆட்களுக்குக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயலுமாம், முழு உறுதி தராதாம். அந்த வரியை நான் பிறகுதான் படித்தேன். தம்பியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

சண்முகம், ஜோகன்னஸ்பர்க்:

ரேவதி, உங்கள் எச்சரிக்கை தேவையானது. ஆனால் மாலதி கேட்பது பயோடேட்டா இல்லையம்மா. பக்கத்தின் மேலே வரும் சுருக்கம். அதற்கு 2,600 எழுத்து இடம் உண்டு. ஆனால் ‘see more’ என்பதை அழுத்தும்வரை முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். தம்பியின் முதல் வரிகளில் கடின உழைப்பும் குழு உணர்வும் உட்கார்ந்திருக்கின்றன. அவை யாருடைய முகப்புரையிலும் இருக்கும்.

குமரேசன், தேடும் சொற்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தலைப்பு வரி மட்டும் சரியில்லை. ஒரு நாளும் டேட்டா சென்டரில் வேலை செய்யாதவர் அந்தப் பதவியைப் போட்டுக்கொண்டால், நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். நான் மின்நிலையங்களுக்கும் பிறகு டேட்டா சென்டர்களுக்கும் ஆள் எடுத்தவன். இப்படி வந்தவர்களிடம் அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு திறன் கூட வருமா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி இது: அங்கே எதற்குப் பயப்படுகிறார்களோ, அதற்கு நீங்கள் இங்கே பயந்திருக்கிறீர்களா? டேட்டா சென்டரில் பயப்படுவது மின்சாரம் போவதற்கு, சூடு ஏறுவதற்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது தவறான சுவிட்சைத் தொட்டுவிடுவதற்கு. தம்பியிடம் கேளுங்கள். வெளி லைன் டிரிப் ஆனபோது டர்பைனைத் தனியாக ஓட்டி ஆலையின் சொந்த லோடைக் காப்பாற்றினாரா? பிறகு லைனோடு சிங்க்ரனைஸ் செய்தது யார்? பழுது பார்க்கும் முன் பெர்மிட் எழுதி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டியது யார்? இவை கூட வரும். சக்கையின் ஈரம் பாதிக்குப் பாதி இருக்கும்போது தீயை அணையாமல் வைத்திருப்பது பெரிய வித்தை, ஆனால் வராது. அது மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியமாக இருக்கட்டும்.

‘கைமாற்று’ வேண்டாம். அது திருப்பித் தரவேண்டிய கடன்.

மாலதி:

ஐயா, நேற்று இரவு கேட்டேன். நான்கு முறை தனியாக ஓட்டியிருக்கிறார். ஷிஃப்ட் பொறுப்பும் அவருடையதே. இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றால், “அது தினப்படி வேலைதானே அக்கா” என்கிறார். யுபிஎஸ், பேட்டரி பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்றும் சொல்கிறார்.

சண்முகம்:

டர்பைன் திடீரென்று நிற்கும்போது பேரிங் எரிந்துபோகாமல் இருக்க ஓர் அவசர எண்ணெய் பம்பு ஓடுமே, அது எதில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

மாலதி:

பேட்டரியில்! 110 வோல்ட் வரிசை. மாதாமாதம் ஒவ்வொரு செல்லையும் அளந்து பதிவேட்டில் எழுதியது அவர்தானாம். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

தேவா, ஃப்ளாக்:

எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். கரும்பைத் துண்டாக வெட்டி வேறு நிலத்தில் நட்டால் கணுவிலிருந்து முளைக்கும். அந்தத் துண்டுதான் கரணை. எல்லாத் துண்டும் முளைக்காது, கணு இருக்க வேண்டும். சண்முகம் ஐயா சொன்ன பயம்தான் அந்தக் கணு. நான் ‘கரணைத் திறன்’ என்கிறேன்.

குமரேசன்:

அழகான சொல், தேவா. ஆனால் கரும்பைப் பார்க்காத நகரத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டுமே. ‘கைமாற்று’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ‘கடத்துதிறன்’?

சண்முகம்:

அது செம்புக் கம்பிக்கு உள்ளது. பொறியாளர்களுக்கான கையேட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

மாலதி:

‘உடன்வரு திறன்’ எப்படி? கேட்டவுடன் புரிகிறது. “இதில் உடன்வருவது எது?” என்று வினையாகவும் கேட்கலாம். தம்பியின் புதிய முகப்புரையின் தொடக்கம் இது:

“மின்சாரம் நிற்கக் கூடாத இடத்தில் 14 ஆண்டு பணியாற்றிய பராமரிப்புப் பொறியாளர் நான். வெளி லைன் டிரிப் ஆன நான்கு முறையும் டர்பைனைத் தனித்து ஓட்டி ஆலையின் லோடைக் காத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். 110 வோல்ட் பேட்டரி வரிசையையும் டீசல் ஜெனரேட்டரையும் மாதாமாதம் சோதித்தேன். இப்போது டேட்டா சென்டரின் மின்சாரம், குளிரூட்டல் பராமரிப்புக்கு மாறுகிறேன்.”

தலைப்பு வரியில் ‘மின்நிலையப் பராமரிப்புப் பொறியாளர், டேட்டா சென்டர் மின்பராமரிப்புக்கு மாறுகிறேன்’ என்று வைத்திருக்கிறோம். தேடும் சொல்லும் இருக்கிறது, பொய்யும் இல்லை.

தேவா:

உடன்வரு திறன் சரிதான் அக்கா. ஆனால் நம் ஊர்ப் பொறியாளருக்கு எழுதும் கையேட்டில் கரணையும் அடைப்புக்குறிக்குள்ளாவது இருக்கட்டும். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சண்முகம்:

தொடக்கம் நன்றாக இருக்கிறது. ஒரு வரி சேருங்கள். ஆலையில் அரவைப் பருவம் முடிந்ததும் இயந்திரங்களைப் பிரித்துப் போட மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். டேட்டா சென்டருக்குப் பருவம் முடிவதே இல்லை, லோடு ஓட ஓடத்தான் பழுது பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் தம்பிக்கு இல்லை. அதை அவரே முகப்புரையின் கடைசிப் பத்தியில் எழுதி, அதற்காக என்ன படிக்கிறார் என்றும் சொன்னால், எடுப்பவருக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம் மாலதி, உடன்வருவதற்குச் சொல் கிடைத்துவிட்டது. இப்படிப் பழைய இடத்திலேயே நின்றுவிடும் திறனுக்கும் கையேட்டில் ஒரு சொல் வேண்டியிருக்குமே, அதற்கு என்ன வைக்கப் போகிறீர்கள்?