மெடிக்கல் போர்டு "இலகுவான வேலைக்குத் தகுதி" என்று எழுதினால் என்ன செய்வது?

வணக்கம். என் கணவர் மத்திய அரசு ஊழியர், 2002-இல் சேர்ந்தவர், அதனால் பழைய பென்ஷன்தான். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது கை இன்னும் சரியாகவில்லை, கையெழுத்துப் போடப் பேனாவை இடது கையால் பிடித்து வலது விரல்களுக்குள் செருக வேண்டியிருக்கிறது. உடல்நலக் குறைவு ஓய்வுக்கு விண்ணப்பித்துவிட்டோம், அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு.

போர்டு "நிரந்தரமாகவே எந்தப் பணிக்கும் தகுதியில்லை" என்று எழுதினால் இன்வேலிட் பென்ஷன். அடிப்படைச் சம்பளம் 50,500, பாதி 25,250, அதோடு அகவிலை நிவாரணம். 23 வருட சர்வீசுக்குக் கிராஜுவிட்டி, சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து பதினொன்றரை மடங்கு வரும். இதுவரை சரி.

ஆனால் "இலகுவான வேலை செய்யலாம்" என்று எழுதினால்? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது ஊனமானவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். ஆபீசில் யாரும் இதை வாய் திறந்து சொல்லவே இல்லை, அதுதான் வருத்தம். முழுச் சம்பளம் வருமென்றால் அதுதான் எங்களுக்கு நல்லது, பையன் இன்னும் படிக்கிறான்.

இப்படி மாற்று வேலை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? ஓய்வு விண்ணப்பத்தைப் போர்டுக்கு முன்பே திரும்பப் பெற்றீர்களா, அறிக்கை வந்த பிறகா? அப்புறம், பென்ஷன் கம்யூட்டேஷனுக்குத் தனியாக இன்னொரு மருத்துவப் பரிசோதனை உண்டே, அதற்கு எவ்வளவு நாள் ஆனது?