புதுப்பிப்பு: உதட்டு எரிச்சலுக்குக் காரணம் இலவங்கப்பட்டை

“லிப் பிளம்பர் பூசினால் எரிவது இயல்புதானே, மறுநாளும் ஏன் தோல் உரிகிறது?” என்று கேட்டிருந்தேன். உதட்டைப் புடைப்பாகக் காட்டும் அந்தப் பிளம்பருடன் சர்க்கரை ஸ்கிரப்பும் லிப் டின்ட்டும் பயன்படுத்தி வந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மெந்தாலின் குறுகுறுப்பு சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்றும், மறுநாள் அரிப்புடன் உதட்டோரம் தாண்டிச் சிவந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் எழுதிய அக்காவின் கணிப்பே சரியானது. ஸ்கிரப்பைக் குறை சொன்னவர் பாதி சரி. சர்க்கரைத் துகள் தேய்த்த அன்று எரிச்சல் கூடியது, ஆனால் அதை நிறுத்தியும் சிவப்பு போகவில்லை. டின்ட் கறை நீக்குவது பற்றிக் கேட்ட தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றையும் நிறுத்தி வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவியும் 10 நாள் வெடிப்பு ஆறாததால், கிருஷ்ணகிரியில் தோல் மருத்துவரிடம் சென்றேன். ஒவ்வாமைச் சோதனைக்காக வெவ்வேறு பொருள்கள் வைத்து முதுகில் ஒட்டிய துண்டுகளை 2 நாள் கழித்து எடுத்து, 4ஆம் நாள் மீண்டும் பார்த்தபோது, இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது.

எதிர்பாராதது, என் பற்பசையிலும் அதே பட்டைச் சுவை இருந்ததுதான்! அதை மாற்றிய 3 வாரத்தில் உதடு ஆறியது. டின்ட்டின் பட்டியலில் ‘வாசனைப் பொருள்’ என்று மட்டுமே இருப்பதால், அதை இன்னும் தொடவில்லை.