"உங்க அனுபவத்துக்கு இது சின்ன வேலையாச்சே?" வேலைக்கு விண்ணப்பிக்கிற மெயிலிலேயே இதுக்குப் பதில் சொன்னவர்கள் சொல்லுங்க

மீனா
கணக்குப் பிரிவில் 14 வருஷம். கடைசி 5 வருஷம் மேனேஜர், எனக்குக் கீழே 8 பேர். ஆளை மேய்ச்சது போதும்னு சீனியர் அக்கவுண்டன்ட் வேலைகளுக்கு விண்ணப்பிச்சேன். 9 மெயில் போட்டும் ஒரு பதில் இல்லை. அப்புறம் ஒரு ரெக்ரூட்டர் போனில் உடைச்சே சொல்லிட்டார்: "மேடம், பெரிய போஸ்ட் கிடைச்சா ஆறே மாசத்துல கிளம்பிடுவீங்கன்னு பயப்படுறாங்க."

அன்னைக்கு ராத்திரியே மெயிலில் இரண்டாவது பத்தியா இதைச் சேர்த்தேன்:

"மேலாளராக இருந்த 5 ஆண்டுகளில் மாதக் கணக்கு முடிப்பதும், பொருந்தாத தொகையைத் தேடிப் பிடிப்பதும் என் கையை விட்டுப் போய்விட்டன. எனக்குப் பிடித்தது அந்த வேலைதான். அதற்கே திரும்ப விரும்புகிறேன். விளம்பரத்தில் உள்ள சம்பள வரம்பைப் பார்த்த பிறகே விண்ணப்பிக்கிறேன்."

முதலில் "எனக்குத் தகுதி அதிகம் என்று நினைக்க வேண்டாம்"னு எழுதியிருந்தேன். அவங்களுக்கு வராத சந்தேகத்தையும் நானே கிளப்புற மாதிரி இருந்தது, அடிச்சிட்டேன். அடுத்த 3 மெயிலில் 2 பேர் கூப்பிட்டாங்க.

செந்தில்
இவ்வளவு எதுக்கு? நான் ரெஸ்யூமில் எம்பிஏவைத் தூக்கிட்டேன், பதவியை "எக்ஸிகியூட்டிவ்"னு மாத்திட்டேன். உடனே இன்டர்வியூ வந்துச்சு.

ரஹ்மான்
20 வருஷமா ஆள் எடுக்கிற வேலையில இருக்கேன் தம்பி. எம்பிஏவை விடுறது பரவாயில்லை, பழைய வேலைகளைச் சுருக்குறதும் சரி. பதவிப் பெயரை மாத்தாதீங்க. பழைய கம்பெனியில விசாரிக்கும்போது அது வெளியே வந்துடும், அப்ப ஆஃபரே போகும்.

மீனா எழுதினதுல எனக்குப் பிடிச்சது, காரணம் அந்த வேலைக்குள்ளயே இருக்கு. "ஆபீஸ் வீட்டுக்குப் பக்கம்"னு நிறைய பேர் எழுதுறாங்க. இன்னும் பக்கத்துல ஒண்ணு கிடைச்சா போயிடுவாங்கன்னுதான் தோணும். "எந்த வேலையும் செய்யத் தயார்"னு இருந்தா அதைவிட மோசம். இன்னொண்ணு, மெயில் இப்படிச் சொல்ல, ரெஸ்யூம் முதல் வரி "குழுத் தலைமையில் வல்லவர்"னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

கவிதா
அவங்க 3 வருஷ அனுபவம் கேக்குறாங்க, எனக்கு 1 வருஷம்தான். இதே பத்தியைப் போடலாமா?

மீனா
உங்களுது நேர் எதிர்க் கேஸ்மா, இது பொருந்தாது. ரஹ்மான் சார், ரெஸ்யூம் முதல் வரியை நானும் மாத்தாமத்தான் அனுப்பினேன்.

ஜோசப்
சம்பள வரியை மட்டும் நான் போட மாட்டேன். போட்டேன், வரம்போட அடிமட்டத் தொகையைத்தான் கொடுத்தாங்க.

ரஹ்மான்
அது நடக்கும். ஆனா அந்த வரி இல்லாத மெயிலை, சம்பளம் கட்டுப்படியாகாதுன்னு நானே ஒதுக்கி வெச்சிருக்கேன்.

மீனா
எனக்கு நடுவுலதான் கொடுத்தாங்க. ஆனா அந்த வரி இல்லாம கேட்டிருந்தா இன்னும் ஏறியிருக்குமோன்னு இப்பவும் ஒரு அரிப்பு இருக்கு.