மூன்று வாரத்தில் ஏழு கிலோ குறைத்தவன், இப்போது 80 கிலோ

கதிர் (சேலம்):
என் ரூம்மேட் கதை இது. அக்கா கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று 78 கிலோவில் ஆரம்பித்தான். காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு ஆப்பிள், ராத்திரி ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். மொத்தமே 600 கலோரிக்குள்தான் வரும். மூன்று வாரத்தில் 71. கல்யாணத்தில் எல்லோரும் அசந்துபோனார்கள். ஆறு மாதம் கழித்து இப்போது 80. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: ஜீன்ஸ் இடுப்பில் ஏற மாட்டேன் என்கிறது, ஆனால் சட்டைக் கை தொளதொளவென்று கிடக்கிறது. இருபது தண்டால் எடுத்தவன் பத்துக்கே மூச்சு வாங்குகிறான். இப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

ஜிம் பாலா:
மாதம் ஒருத்தராவது இப்படி எங்களிடம் வருவார்கள் தம்பி. சாப்பிடாவிட்டால் உடம்பு பயந்துபோய் எரிப்பதையே நிறுத்திவிடும். அப்புறம் தண்ணீர் குடித்தாலும் கொழுப்பாகத்தான் சேரும்.

நித்யா, டயட்டீஷியன்:
பாலா அண்ணா சொல்வதில் பாதி சரி. எரிப்பது குறையும், நிற்காது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடையில் கால்வாசி போனது. எரிப்பது நின்றிருந்தால் அது போயிருக்குமா?

கதிர், உங்கள் நண்பர் கணக்கைப் போடுவோம். அவருக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி தேவை என்று வைத்தால், தினமும் 1,600 பற்றாக்குறை. மூன்று வாரத்துக்குச் சுமார் 33,600. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். அப்படியென்றால் போனது முழுக்கக் கொழுப்பாகவே இருந்தாலும் நாலரை கிலோவைத் தாண்டாது. மீதி? ஒரு பங்கு தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். முதல் வாரம் எடை மடமடவென்று இறங்குவது அதனால்தான். இன்னொரு பங்கு தசை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். சாப்பாட்டில் வராதபோது ஈரல் தசைப் புரதத்தை உடைத்துக் கொஞ்சம் தயாரிக்கும். அவர் தட்டில் புரதமும் இல்லை, தசைக்கு வேலையும் இல்லை. உடம்பு அதை ஏன் வைத்திருக்கப் போகிறது?

ராமசாமி (ஓய்வு):
நான் நாற்பது வருஷமாக ஏகாதசி விரதம் இருக்கிறேன். எனக்கும் தசை கரைந்திருக்குமா அம்மா?

நித்யா:
இல்லை ஐயா, மறுநாள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களே. வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் இந்தப் பிரச்சினை.

கதிர்:
சரி, திரும்பி வந்தபோது ஏன் இடுப்பில் மட்டும் ஏறியது?

நித்யா:
மினசோட்டாவில் இதையும் பார்த்தார்கள். சாப்பாட்டைத் திறந்துவிட்டதும் அந்த இளைஞர்கள் வயிறு நிறைந்த பிறகும் பசிக்கிறது என்றார்கள். கொழுப்பு சீக்கிரம் திரும்பியது, தசை மெதுவாக. இழந்த தசை முழுதாகத் திரும்பும் வரை பசி அடங்குவதில்லை என்று பின்னாளில் அந்தத் தரவை அலசியவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிடுகிறது. எடை மெஷினுக்கு இது தெரியாது. இடுப்பளவை டேப்பில் எடுங்கள், தண்டால் எண்ணிக்கையைப் பாருங்கள். எடையோடு தண்டாலும் சரிந்தால் தசை போகிறது என்று சந்தேகப்படலாம்.

மீரா:
நானும் கிரீன் டீயும் சாலட்டுமாக ஓட்டினேன். மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாதவிடாயும் தள்ளிப்போனது. ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருந்தேன்!

நித்யா:
முடி அப்படித்தான் தாமதமாகக் கொட்டும், மீரா. மாதவிடாய் இன்னும் சீராகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

அருண்:
ஒரு எதிர்க்கருத்து. 2014இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரு குழு 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தது, இன்னொன்று 36 வாரத்தில் மெதுவாக. சுமார் மூன்று வருடம் கழித்து இரண்டு குழுவுக்குமே இழந்ததில் 70 சதவீதம் போலத் திரும்பிவிட்டது. அப்புறம் வேகத்தை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

நித்யா:
நியாயமான கேள்வி. அதில் கலந்துகொண்டவர்கள் உடல்பருமன் உள்ளவர்கள், மேற்பார்வையில் புரதம் கணக்கிட்ட உணவுப் பொடி எடுத்தவர்கள். ஆப்பிளும் வெள்ளரிக்காயும் இல்லை. தசையைப் பொறுத்தவரை வேகத்தைவிட புரதமும் எடைப் பயிற்சியும்தான் முக்கியம் என்பது என் கருத்து. எடை திரும்புவதை எது தடுக்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

கதிர்:
ஹாஸ்டல் மெஸ்ஸில் புரதத்துக்கு எங்கே போக? சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

ஜிம் பாலா:
பவுடர் வாங்கு தம்பி.

நித்யா:
பவுடர் கட்டாயமில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் என்றால், அவர் எடைக்கு நாளுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஐம்பது கிராம் காய்ந்த சோயா உருண்டையில் இருபத்தைந்து கிராம் வரும். மீதியைத் தயிர், சுண்டல், மெஸ் கோழி என்று பிரித்துக்கொள்ளலாம். தேவையிலிருந்து நாளுக்கு 400, 500 கலோரிதான் குறைக்க வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்க வேண்டும். முதலில் அவரை மறுபடி இட்லியைக் குறைக்க விடாதீர்கள்.

கதிர்:
அது கஷ்டம் மேடம். அடுத்த மாதம் தம்பி நிச்சயதார்த்தமாம்.