கொடைக் கணக்கை ட்ரீமேப்பில் காட்டிய அனுபவங்கள்

அம்பைக்காரர்: அம்மன் கொடைக்கு 6,00,000 ரூபாய் பட்ஜெட். ஐந்து தலைப்பு, உள்ளே 20 இனம். பை சார்ட்டில் போட்டால் 8,000 ரூபாய் நோட்டீஸ் செலவுக்கு 4.8 டிகிரிதான் வருது, ஒரு கீத்து மாதிரி. வில்லிசையும் கணியான் கூத்தும் ஒரே தலைப்புக்குள்ள வருதுங்கிறதும் தெரிய மாட்டேங்குது. தொகைக்கேத்த பரப்புல பெட்டிக்குள்ள பெட்டியா காட்டுற ட்ரீமேப்ல போட்டுப் பார்த்தவங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.

பாளை கணக்காளர்: எக்செல் 2016-லிருந்து இது உள்ளேயே இருக்கு. A பத்தியில் தலைப்பு, B-யில் இனம், C-யில் தொகை. தலைப்பை ஒவ்வொரு வரியிலும் திருப்பி எழுதிருங்க. அன்னதானம் அஞ்சு வரின்னா அஞ்சிலும் "அன்னதானம்". மூணையும் தேர்ந்தெடுத்து Insert > Hierarchy Chart > Treemap. பெட்டிகளை ரைட் கிளிக் பண்ணி Format Data Series போய் Banner வைங்க, தலைப்பு மேலே பட்டையா நிக்கும். எக்செல் இதில் சதவீதம் காட்டாது. அதனால் D பத்தியில் பேரோட சேர்த்து நாமே எழுதிக்கிடணும்:

```
=B2&" "&TEXT(C2/SUM($C$2:$C$21),"0.0%")
```

இந்தப் பத்தியை மதிப்பாக ஒட்டி, B-க்குப் பதிலா வையுங்க.

தென்காசி தம்பி: முக்கியமானதை விட்டுட்டீங்க அண்ணாச்சி. அன்னதானம் மொத்தம் 1,80,000-ன்னு தலைப்புக்கும் தனி வரி போடணும். போடலைன்னா படமே வராது.

பாளை கணக்காளர்: கூகுள் ஷீட்ஸில் நீங்க சொல்றது சரி தம்பி. அங்கே இனம்தான் பிள்ளை, தலைப்புதான் தாய். பிள்ளை, தாய், தொகைன்னு பத்தி வரும். ஒவ்வொரு தலைப்பும் தனி வரியா இருந்தே ஆகணும், ஆனா அந்த வரியிலுள்ள தொகையை அது கண்டுக்காது. பிள்ளைகளைக் கூட்டித்தான் அளவு எடுக்கும். எக்செல்லில் அதே வரியைப் போட்டால் அன்னதானத்துக்குள்ளேயே 1,80,000-க்கு இன்னொரு பெட்டி முளைச்சு, தலைப்பு 3,60,000 ஆயிரும். படம் அழகாத்தான் இருக்கும், பங்கு எல்லாம் தப்பா இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி: C பத்தியோட கூட்டல் 6,00,000-ஆன்னு பாக்கணும். கூகுளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பேரும் ஒரு தடவைதான் வரலாம். "கூலி"ன்னு சமையலுக்கும் பந்தலுக்கும் எழுதினால் மோதும். "சமையல் கூலி", "பந்தல் கூலி"ன்னு பிரிச்சு எழுதுங்க.

வள்ளியூர் அக்கா: எங்க சங்கத்துல போன வருசம், இந்த வருசம் ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ட்ரீமேப் போட்டோம். பந்தல் ஒரு படத்துல இடப்பக்கம், இன்னொண்ணுல கீழே. கூடினதா குறைஞ்சதான்னு யாராலும் சொல்ல முடியலை. வரி பாக்கியையும் கழித்தல் குறியோட போட்டா அது காணவே காணோம்.

பாளை கணக்காளர்: அக்கா, அது வேற கேள்வி. தொகை மாறினால் பெட்டிகளோட வரிசையும் மாறும், எக்செல்லில் இடத்தைப் பூட்டி வைக்க முடியாது. ரெண்டு வருசத்துக்கு பார் சார்ட்தான். பாக்கிக்குப் பரப்பே கிடையாது. அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியா எழுதுங்க.

அம்பைக்காரர்: போட்டாச்சு. அன்னதானம் 30%, கலை 25%, பந்தல் வெளிச்சம் 25%, பூசை 15%, இதர 5%. ஆனா கலையும் பந்தலும் ஒரே 1,50,000. கலைப் பெட்டி சதுரமா வந்திருக்கு, பந்தல் நீளமா வந்திருக்கு. பந்தலுக்குத்தான் கூடச் செலவுன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டு.

பாளை கணக்காளர்: பரப்பைக் கண் அவ்வளவு சரியா அளக்காது, நீளப் பெட்டியில இன்னும் மோசம். 2000-ல் வந்த சதுர அடுக்கு முறை இந்த நீளப் பெட்டிகளைக் குறைக்கத்தான் வந்துச்சு, ஆனா முழுசா ஒழிக்காது. சார்ட்டோட ஓரத்தை இழுத்து அகலத்தை மாத்திப் பாருங்க, அடுக்கு மாறும். அதோட பட்டைப் பேரிலேயே தொகையை எழுதுங்க: "கலை 1,50,000". A பத்தியில் அந்தத் தலைப்போட எல்லா வரியிலும் அப்படி எழுதினாலே போதும்.

தென்காசி தம்பி: சின்ன இனங்களை எல்லாம் "மற்றவை"ன்னு ஒண்ணாக்கினா சுத்தமா இருக்குமே?

பாளை கணக்காளர்: 25 × 16 செ.மீ. அச்சில் மொத்தப் பரப்பு 400 சதுர செ.மீ. 8,000 ரூபாய்க்கு சுமார் 5.3 சதுர செ.மீ. கிடைக்கும், பேரு எழுத அது போதும். போன் திரையில பேரு மறைஞ்சிரும். அச்சுக்குச் சேர்க்க வேண்டாம், வாட்ஸ்அப்புக்குச் சேர்க்கலாம்.

வள்ளியூர் அக்கா: வரி கொடுத்தவன் தன் பணம் எதுக்குப் போச்சுன்னு கேப்பான். "மற்றவை"ன்னு பாத்தா சந்தேகம்தான் வரும். எந்தத் திரையிலயும் சேர்க்கக்கூடாதுங்கேன்.

அம்பைக்காரர்: நோட்டீஸ் ஒரே கலர் அச்சு. அஞ்சு நிறமும் சாம்பலாயிருமே?

பாளை கணக்காளர்: ஆயிரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே வெளிர் சாம்பல் நிறம் கொடுத்து, ஓரக் கோட்டை வெள்ளையாத் தடிப்பா வைங்க. தலைப்புகளை மேலே இருக்கிற பட்டைப் பேரே பிரிச்சுக் காட்டும். முதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாத்துட்டு அச்சகத்துக்குக் கொடுங்க.