பொருள்: அத்தியாயத்தின் கடைசியில் வரும் 'ஹூக்'குக்கு ஒரு சொல் வேண்டும் (சனிக்கிழமைக்குள்)

தாண்டிக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அத்தியாயம் பிரித்துக் கதைப்புத்தகம் எழுதுவது பற்றி, ஆசிரியர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கைக்குறிப்பு தயாரிக்கிறோம். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறோம். அத்தியாயத்தின் கடைசி வரி பிள்ளையைப் பக்கம் புரட்ட வைக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? இப்போதைக்குக் 'கொக்கி' என்று போட்டிருக்கிறேன். பதினோரு இடத்தில் வருகிறது. பதினோரு தடவையும் எனக்குப் பாவாடைக் கொக்கிதான் ஞாபகம் வருகிறது.

மாதிரிக்கு என் கதையின் மூன்றாம் அத்தியாய முடிவையும் இணைத்திருக்கிறேன். காப்பித் தோட்டத்தில் தொலைந்த ஆட்டுக்குட்டியை ஒரு சிறுமி தேடுகிறாள். பேசும் மலையணில் கூடவே வருகிறது.

கோத்தகிரியிலிருந்து:

கொக்கி வேண்டாம் டீச்சர், 'தூண்டில்' என்று போடுங்கள். பேரனுக்குக் கதை சொல்லும்போது நான் முதல் வரியிலேயே தூண்டில் போட்டுவிடுவேன். "ஒரு கரடி டீத்தூள் திருட வந்தது" என்றால் போதும், பயல் கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிடுவான்.

தாண்டிக்குடியிலிருந்து:

ஐயா, நீங்கள் சொல்வது கதையின் தொடக்கம். நான் கேட்பது அத்தியாயத்தின் முடிவு. தூண்டில் என்றால் இரண்டும் குழம்பிவிடும்.

பழனி அடிவாரத்திலிருந்து:

சொல் நம்மிடமே இருக்கிறது, அம்மா. 'எச்சம்'. "குட்டியைத் தேடி" என்று சொல்லி நிறுத்துங்கள். காது அடுத்த வினைக்குக் காத்து நிற்கிறதல்லவா? நீங்கள் பிள்ளைக்குச் செய்வதும் அதேதான். தொல்காப்பியர் பத்து எச்சம் சொல்கிறார். அவற்றில் குறிப்பெச்சம் உங்கள் காரியத்துக்கு மிக நெருக்கம். 'எச்சமுடிவு' என்று வையுங்கள். தண்டியலங்காரம் சொல்லும் குளகத்தையும் பாருங்கள். பல பாட்டு சேர்ந்து ஒரே வினையில் முடிவது குளகம். ஒரு பாட்டு முடிந்தும் பொருள் முடியாமல் அடுத்த பாட்டுக்குள் இறங்கும். உங்கள் அத்தியாயங்கள் குளகம் இல்லாமல் வேறென்ன?

குன்னூரிலிருந்து:

ஐயா, மூன்றாம் வகுப்பில் போய் எச்சம் என்றால் அத்தனை பிள்ளையும் தலையில் காக்கா போட்டதா என்று தடவிப் பார்க்கும். எல்லோருக்கும் தெரிந்த வேதாளம் இருக்கிறதே! ஒவ்வொரு கதை முடிவிலும் முருங்கை மரம் ஏறுகிறது. 'வேதாள முடிவு' என்று வைக்கலாமா?

பழனி அடிவாரத்திலிருந்து:

தம்பி, காக்கையின் எச்சமும் 'எஞ்சு' என்ற வேரிலிருந்து வந்ததுதான். எஞ்சியது எச்சம். குறள் 114இல் "எச்சத்தாற் காணப்படும்" என்பதில் வரும் எச்சத்துக்கு யாரும் தலையைத் தடவுவதில்லை. வேதாளம் மரம் ஏறுவது திரும்பத் தொடங்குவதற்காக. கதை அங்கே முடிந்துவிடுகிறது, கேள்விக்கு விடையும் வந்துவிடுகிறது. உவமை பொருந்தாது.

கோத்தகிரியிலிருந்து:

அப்படியானால் 'தொக்கி'. கேள்வி தொக்கி நிற்கிறது என்கிறோமே. 'தொக்கு முடிவு'.

குன்னூரிலிருந்து:

தக்காளியா, மாங்காயா?

கொடைக்கானலிலிருந்து:

சொல் இருக்கட்டும். பல வருடமாகச் சிறுவர் கதைகளைத் திருத்துகிறவள் என்ற முறையில் டீச்சரின் மாதிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

இப்போது முடிவு இப்படி இருக்கிறது: "புதருக்குள் ஏதோ அசைந்தது. அது என்ன? அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்!" நான்காம் அத்தியாயம் "காற்றுதான் அடித்தது" என்று தொடங்குகிறது. இது ஏமாற்று. ஒரு தடவை பிள்ளைகள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். இரண்டாம் தடவை "சும்மா காத்தாத்தான் இருக்கும்" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். நடுவே நீங்கள் வந்து "பார்க்கலாம்" என்று அழைப்பதும் வேண்டாம். கடைசி வரி கதைக்குள்ளேயே இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை அணில். மரத்து உச்சியிலிருந்து அதற்கு எல்லாம் தெரியும், பேசவும் தெரியும். பிறகு குட்டி எங்கே என்று ஏன் சொல்லவில்லை? பேசும் துணை இருக்கும் கதையில் முடிவுகள் வலுவிழப்பது பெரும்பாலும் இதனால்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது என்று சமாளித்தால் பிள்ளைக்கு அணில்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

வழி அணிலின் உடம்பிலேயே இருக்கிறது. மலையணில் கிளைக்குக் கிளை தாவும், தரையில் இறங்குவது அபூர்வம். பகலில்தான் நடமாட்டம், இருட்டுவதற்குள் கூட்டுக்குப் போய்விடும். காப்பிக்கு நிழல் மரம் இருக்கிற வரைக்கும் அது சிறுமிக்கு மேலே வரலாம். ரோடு அகலமாகி இரண்டு பக்கக் கிளையும் தொடாத இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். முடிவை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்:

"குட்டியின் மணிச் சத்தம் கேட்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றது அணில். "ஆனால் இதற்கு மேல் எனக்குக் கிளை இல்லை." வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் ஒரு காலை ரோட்டில் வைத்தாள்.

இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. அணிலால் முடியாது, அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தின் முதல் நாலைந்து வரிக்குள் அவள் ரோட்டைத் தாண்டினாளா என்பது தெரிந்துவிட வேண்டும். அதை இழுக்கக் கூடாது. மணி கட்டிய குட்டி அங்கே தனியாக இருக்கிறதா என்ற கேள்வியை வேண்டுமானால் அதற்குப் பிறகு எழுப்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

ரோட்டில் கால் வைத்தால் போதுமா? ஒரு சிறுத்தையாவது வர வேண்டாமா? ஆபத்து இருந்தால்தானே பக்கம் புரளும்!

கொடைக்கானலிலிருந்து:

ஒரு இடத்தில் வரட்டும் ஐயா. பத்து அத்தியாயத்திலும் சிறுத்தை வந்தால் நான்காவது சிறுத்தைக்குப் பிள்ளை கொட்டாவி விடும். ஒரு முடிவில் ஆபத்து, இன்னொன்றில் அவள் எடுக்கும் தீர்மானம், மற்றொன்றில் எதிர்பாராத ஆள் வருவது என்று மாறி மாறி வர வேண்டும். ஒன்றிரண்டு அத்தியாயம் அமைதியாகவும் முடியலாம். பாதிப் புத்தகம் படுக்கையில்தான் வாசிக்கப்படுகிறது. விளக்கை அணைக்க அம்மாவுக்கும் ஒரு இடம் வேண்டும்.

சொல்லைப் பொறுத்தவரை, கொக்கி ஒரு அத்தியாயத்தை அடுத்ததில் மாட்டுகிறது. டீச்சரின் பாவாடையை மறந்தால் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

தாண்டிக்குடியிலிருந்து:

திருத்திய முடிவை நேற்று வகுப்பில் வாசித்துவிட்டு நோட்டை மூடினேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி "மிச்சம் எங்க டீச்சர்?" என்றாள். 'மிச்சம்' என்றே வைத்துவிடலாமோ?

பழனி அடிவாரத்திலிருந்து:

பார்த்தீர்களா! எஞ்சு எச்சம், மிஞ்சு மிச்சம். குழந்தையின் வாயிலிருந்தே இலக்கணம் வந்துவிட்டது.

குன்னூரிலிருந்து:

மிச்சம் என்றால் பழைய சோறு ஐயா. "அத்தியாயத்தின் மிச்சத்தை வலுவாக எழுதுக" என்று குறிப்பில் போட்டால் எந்த ஆசிரியருக்குப் புரியும்? வேதாளத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் ஓட்டு கொக்கிக்கு.

கோத்தகிரியிலிருந்து:

தூண்டிலிலும் ஒரு கொக்கி உண்டு. அந்த அளவில் எனக்கும் சம்மதம்.

தாண்டிக்குடியிலிருந்து:

சரி, பதினோரு இடத்திலும் கொக்கி. இன்று மாலை அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கதைக்கொக்கி' என்று நீட்டியிருக்கிறேன், பாவாடைக்காக.

பழனி அடிவாரத்திலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. 'கொக்கி'யின் வேர் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. 'கொக்கு' என்ற பறவையின் வளைந்த கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். நாளை அனுப்புகிறேன், நீளமாக இருக்கும்.